கலைச்சொல் தேவை: ‘செக்யூர் ரேண்டம் நம்பர்’

தேவென், எபேன்:
வணக்கம். மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் தமிழ் படிக்கும் மேல்நிலைப் பிள்ளைகளுக்காகக் கணினிப் பாதுகாப்பு பற்றி ஒரு சிறு கையேடு எழுதிவருகிறோம். மறையாக்கம், திறவுகோல் என்று தடையில்லாமல் போனது. இந்தச் சொல்லில் நின்றுவிட்டோம். ரேண்டம் என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் சமவாய்ப்பு, இலங்கைப் பாடநூலில் எழுமாற்று. எங்கள் பிள்ளைகள் வாயில் வருவதோ பிரெஞ்சு ‘அலேயத்துவார்’. இப்போதைக்கு ‘பாதுகாப்பான சமவாய்ப்பு எண்’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

முத்துசாமி, போ பாசேன்:
‘சமவாய்ப்பு எண்’ போதும் தம்பி. எல்லா எண்ணும் ஒரே வாய்ப்போடு வந்தால் யாரால் ஊகிக்க முடியும்? ‘பாதுகாப்பான’ என்பது வீண் அடைமொழி. பாதுகாப்பு திறவுகோலின் நீளத்தில் இருக்கிறது. 4096 பிட் வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதுங்கள்.

கமலா, கியூர்பிப்:
ஐயா, எல்லா எண்ணும் உண்மையிலேயே சமவாய்ப்பில் பிறந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மென்பொருள் தருவது, வித்து எனும் ஒரு தொடக்க எண்ணைப் போட்டுக் கணக்கால் நீட்டிய வரிசை. அதே வித்து, அதே வரிசை.

டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 2008 மே மாதம் வெளியான கோளாறைப் பாருங்கள். மறையாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் பல இடங்களிலிருந்து ஊகிக்க முடியாத தரவைத் திரட்டி ஒரு தொகுப்பில் கலக்கும். கலக்கும் வரி இதுதான்:

```
MD_Update(&m,buf,j);
```

இந்த வரி நிரலில் இரண்டு இடங்களில் இருந்தது. மதிப்பு ஏற்றாத நினைவகத்தைப் படிப்பதாக வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி எச்சரித்ததால், 2006இல் டெபியன் பொதியில் இரண்டையும் நீக்கினார்கள். ஒன்றை நீக்கியதால் கேடில்லை. மற்றது வித்து உள்ளே போகும் வழி. அதுவும் அடைபட்டதும், ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் ஒரே சரக்காக எஞ்சியது நிரலின் செயல்முறை எண், அதாவது பிஐடி. அன்றைய லினக்ஸில் அது வழக்கமாக 32768-ஐத் தாண்டாது.

ஆக, ஒரே வகைக் கணினியில் 2048 பிட் ஆர்எஸ்ஏ திறவுகோல் என்றால் மொத்தமே 32767தான் பிறக்க முடியும். 4096 பிட்டுக்குப் போனாலும் அதே 32767. நீளம் கூடியது, தேர்வு கூடவில்லை. 2048 பிட் திறவுகோல்கள் அத்தனையையும் ஒரு மடிக்கணினியில் சில மணி நேரத்தில் உண்டாக்கி, பொதுத் திறவுகோலோடு ஒப்பிட்டு, அதன் அந்தரங்கத் திறவுகோலை எடுத்துவிடலாம்.

இதில் இன்னொன்று என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. அந்த எண்கள், தரவை அடையாளம் தெரியாமல் கலைத்துவிடும் ஒரு ஹாஷ் சார்பின் வழியாக வந்தவை. புள்ளியியல் சோதனைக்கு அனுப்பினால் நன்றாகவே தேறும், பரவல் சமமாகவே தெரியும். வெளிவந்த எண்ணைப் பார்த்து எவரும் நோயைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அதனால்தான் ‘சமவாய்ப்பு’ இங்கே போதாது என்கிறேன். ‘ஊகிக்கவியலா எண்’ என்று வைப்போம்.

பாலா, போர்ட் லூயி:
சொல்லைப் பற்றி எனக்குத் தெரியாது, மன்னிக்கவும். தொலைவிலுள்ள சர்வரில் நுழைய 2007இல் உபுண்டுவில் செய்த எஸ்எஸ்எச் திறவுகோல் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். கணினியைப் பலமுறை மேம்படுத்தியாயிற்று. அப்படியென்றால் பயமில்லைதானே?

கமலா:
இருக்கிறது, பாலா. மேம்படுத்தல் நூலகத்தைத் திருத்தும், பிறந்துவிட்ட திறவுகோலைத் திருத்தாது. உபுண்டுவும் டெபியனின் அதே பொதியை எடுத்தாண்டது. கீழ்க்கண்ட கட்டளை திறவுகோலின் சுருக்க அடையாளமான கைரேகையைக் காட்டும்:

```
ssh-keygen -l -E md5 -f ~/.ssh/id_rsa.pub
```

அன்று வெளியிட்ட பலவீனத் திறவுகோல் பட்டியலோடு அதை ஒப்பிடலாம். நானாக இருந்தால் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் புதிதாக ஒன்று செய்து, பழையதை எல்லா சர்வர்களின் `authorized_keys` கோப்பிலிருந்தும் நீக்குவேன். டிஎஸ்ஏ வகை என்றால் இன்னும் மோசம்: வேறெங்கோ நல்லபடி பிறந்த திறவுகோலாக இருந்தாலும், கோளாறுள்ள கணினியில் அதைக்கொண்டு கையொப்பமிட்டிருந்தால் போயிற்று. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஒரு புது ரகசிய எண் வேண்டும். அது ஊகத்தில் சிக்கினால் அந்தரங்கத் திறவுகோலும் சிக்கும்.

முத்துசாமி:
நீளம் பற்றி நான் சொன்னது இங்கே நிற்காது, ஒப்புக்கொள்கிறேன் அம்மா. ஆனால் உங்கள் சொல்லிலும் கணக்குப் பிழை உண்டு. 7 என்ற எண்ணை ஊகிக்கவியலும் என்பதா, ஊகிக்கவியலாது என்பதா? குணம் எண்ணுக்கு இல்லை, அது பிறந்த முறைக்கு. அடைமொழியை ஆக்கிக்குக் கொடுங்கள்: ‘ஊகத்துக்கு எட்டா எண்ணாக்கி’.

கமலா:
ஆக்கி என்றால் வித்தை நீட்டும் கணக்கு மட்டும்தான் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள், ஐயா. டெபியனில் அந்தக் கணக்கு பழுதில்லாமல்தான் ஓடியது. பட்டினி கிடந்தது வித்து. சொல் அதையும் காட்ட வேண்டாமா?

தேவென்:
அச்சுக்கு அனுப்பும் வரைவில் இரண்டையும் வைக்கிறேன்: கருவிக்கு ஐயாவின் சொல், அது தரும் எண்ணுக்குக் கமலா அக்காவின் சொல். டெபியன் கதையும் சேரும். ‘வித்து’ என்பதை மட்டும் இன்னும் பேச வேண்டும். இங்குள்ள பிள்ளைகளுக்கு ‘விதை’தான் தெரியும்.