பட்டமளிப்பு போட்டோவில் சாரியை மாத்தினா முகமும் மாறுது, உதவி வேணும் (அவசரம்)

தலவாக்கலை_மீனா
எல்லாருக்கும் வணக்கம். பட்டமளிப்பு போட்டோல சாரியை மட்டும் ஏஐ ஆப்ல மாத்தினேன். சாரி நல்லா வந்துச்சு, ஆனா அம்மா பாத்துட்டு "இது யாருடி?"ன்னு கேக்குறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பிரேம் கடைக்குக் குடுக்கணும். முகம் மாறாம இருக்க என்ன செய்யணும்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

பண்டாரவளை_ரவி
எந்த ஆப்? போனா, லெப்டொப்பா? சாரி என்ன கலர்ல இருந்து என்ன கலருக்கு? பிரேம் என்ன சைஸ்? ஒண்ணுமே சொல்லலியே தங்கச்சி.

பதுளை_செல்வா
முகத்தை மாத்தாதேன்னு இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க. தமிழ்ல எழுதினா அந்த ஆப்புக்கு சரியா விளங்காது. அவ்வளவுதான் பிரச்சினை.

கொட்டகலை_பழனி
பாஸ்போர்ட்டுக்கு எடிட் பண்ணின போட்டோ எடுக்க மாட்டாங்க. புதுசா எடுத்துக் குடுக்குறதுதான் நல்லது.

பண்டாரவளை_ரவி
அண்ணே, பாஸ்போர்ட்னு யாரும் சொல்லலியே.

நிழற்படம்_NE
இதெல்லாம் இங்க பல தடவை பேசியாச்சு, தேடிப் பாக்குற பழக்கம் யாருக்கும் இல்ல. ஆப்ல வர்ற படம் சின்னது, அதான் முகம் கெட்டுத் தெரியுது. ஒரு அப்ஸ்கேலர்ல போட்டு 4 மடங்கு பெருசாக்கு. 300 டிபிஐ இல்லாம பிரேம் போடுறது காசுக்குக் கேடு.

தலவாக்கலை_மீனா
போன்லதான் செஞ்சேன், இலவச ஆப். இளநீல சாரி, வெள்ளிக் கரை. அதை மெரூன் பட்டு, தங்கக் கரையா மாத்தச் சொல்லி எழுதினேன். முழு உருவப் படம், 12க்கு 18 இஞ்சி பிரேம். இங்கிலீஷ்லயும் எழுதிப் பாத்தேன் செல்வா அண்ணே, கொஞ்சம் பரவாயில்ல, ஆனா இன்னும் நான் இல்ல. கையில இருக்கிற சான்றிதழ் உறையில கெம்பஸ் சின்னத்து எழுத்தெல்லாம் கிறுக்கலா வந்திருக்கு. கழுத்துப் பட்டியோட ஓரக் கலரும் வேறயா தெரியுது.

ஹட்டன்_டிஜிட்டல்
மீனா, சாரியை மட்டும் மாத்தினதா நீங்க நினைக்கிறீங்க, ஆனா ஆப் முழுப் படத்தையும் திரும்ப வரைஞ்சிருக்கு. கோலத்தை அழிச்சிட்டு ஞாபகத்துல இருந்து மறுபடி போடுற மாதிரி. புள்ளி எண்ணிக்கை சரியா இருக்கும், வளைவு அதே வளைவா இருக்காது.

ஸ்டூடியோ கெமராவில எடுத்த படம் 4000க்கு 6000 பிக்சல்னு வைங்க. இந்த மாதிரி ஆப் பலதும் அதை முதல்ல 1024க்கு 1536 அளவுக்குச் சுருக்கும். முழு உருவப் படத்துல முகம் 600 பிக்சல் அகலம் இருந்தா, சுருங்கி 150 ஆயிடும். அதுக்கு மேல இந்த வகை மொடல்கள் பெரும்பாலும் 8க்கு 8 பிக்சலை ஒரு கட்டமா அடக்கித்தான் வேலை செய்யும். அப்போ உங்க முகத்தோட அகலம் முழுக்க 19 கட்டம்தான். கண்ணோரச் சுருக்கம், மச்சம், பல் வரிசை எல்லாம் அதுக்குள்ள நிக்காது. சின்னத்துல 30 பிக்சல் உயரமா இருந்த எழுத்து ஒரே கட்டத்துக்குள்ள அடங்கிடும், திரும்பி வரும்போது எழுத்தா வராது. முகத்தை மாத்தாதேன்னு எழுதினா நல்ல மொடல் முயற்சி பண்ணும், ஆனா இழந்த விவரத்தை எங்கேயிருந்து எடுக்கும்?

அப்ஸ்கேலரும் இதுக்கு ஆகாது. அது புதுசா தோலும் கண்ணிமையும் கற்பனை பண்ணிப் போடும். படம் கூர்மையாகும், ஆனா ஆள் இன்னும் தூரமாப் போயிருவாங்க.

நீங்க ஆப்ல போட்டது ஸ்டூடியோ குடுத்த ஒரிஜினலா, வாட்ஸ்அப்ல வந்ததா?

தலவாக்கலை_மீனா
வாட்ஸ்அப் அக்கா. 1067க்கு 1600ன்னு காட்டுது.

ஹட்டன்_டிஜிட்டல்
12 இஞ்சி அகலத்துக்கு 1067 பிக்சல்னா இஞ்சிக்கு 90கூட வராது. ஸ்டூடியோவில ஒரிஜினலை பென்ட்ரைவ்ல வாங்குங்க, இல்லன்னா வாட்ஸ்அப்ல டொகியுமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

உங்களுக்கு வேண்டியது கலர் மாத்தம்தானே? அதுக்கு ஏஐ தேவையே இல்ல. யாரோட லெப்டொப்லயாவது `GIMP` போடுங்க, இலவசம்தான். ஒரிஜினலைத் திறந்து லேயரை டூப்ளிகேட் பண்ணுங்க. மேல் லேயருக்கு `Add Layer Mask` குடுத்து கறுப்பைத் தெரிவு செஞ்சா அது மறைஞ்சிடும். ஓரம் மிருதுவான வெள்ளை பிரஷால சாரி மேல மட்டும் பூசுங்க. கழுத்துப் பட்டி, விரல், தோள்ல விழுந்த முடி இதுங்க மேல படக் கூடாது. பிறகு மாஸ்க்கை விட்டுட்டு படத்தோட சிறுபடத்தைத் தட்டி, `Hue-Saturation` திறந்து நீலத்துலயும் சயான்லயும் மட்டும் `Hue` 140 பக்கமா நகர்த்துங்க. இளநீலம் அப்போ இளஞ்சிவப்பாத்தான் வரும், மெரூன் ஆக `Lightness` நல்லா இறக்கி `Saturation` ஏத்துங்க. மடிப்பு, நெசவு, நிழல் எல்லாம் அதே சாரியோடதா இருக்கும், ஏன்னா கலரைத் தவிர வேற எதையும் தொடலை.

ரெண்டு இடத்துல மாட்டுவீங்க. வெள்ளிக் கரைக்குன்னு சொந்தக் கலர் இல்லாததால நிறத்தை நகர்த்தினா அது அசையாது. அதுக்கு மேல தனி லேயர் வச்சு, மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் பூசி, மோடை `HSL Color` ஆக்கி, ஒபேசிட்டியை 40 கிட்ட வைங்க. இன்னொண்ணு, இளநீலத் துணியோட வெளிச்சம் நாடிக்குக் கீழயும் முன்கையிலயும் பட்டிருக்கும். சாரி மெரூன் ஆனாலும் அந்த நீலச் சாயல் அங்கேயே நிக்கும். பாக்குறவங்களுக்கு என்னவோ ஒட்ட வச்ச மாதிரி தெரியுறது அதனாலதான். அந்த இடத்துல `Saturation` மட்டும் லேசாக் குறைங்க.

கொட்டகலை_பழனி
அப்போ எங்க தாத்தாவோட பழைய படம், முகத்துல பூஞ்சணம் பிடிச்சது, அதையும் இப்படிச் செய்யலாமா?

ஹட்டன்_டிஜிட்டல்
அது வேற கதை அண்ணே, கலர் மாத்தி சரி வராது. ஸ்கேன் பண்ணித் தனி இழையில போடுங்க.

பதுளை_செல்வா
அந்த ஆப்ல வந்த பட்டு டிசைன்தான் வேணும்னா?

ஹட்டன்_டிஜிட்டல்
ஒரிஜினலுக்கு மேல ஆப் படத்தை லேயரா வச்சு, அதே அளவுக்குப் பெருசாக்கி, மோடை `Difference` ஆக்குங்க. ஒரு பிக்சலும் மாறாத இடம் முழுக் கறுப்பாத் தெரியும். அதுல முகம், கை எல்லாம் கறுப்பா இல்லாததைப் பாத்தாலே விளங்கும். ஓரங்கள் நேர்பட்டதும் மோடை `Normal` ஆக்கி, மாஸ்க் போட்டு சாரியை மட்டும் எடுங்க. ஆனா அந்தத் துணி கிட்டத்தட்ட 4 மடங்கு பெருசானதால மழுங்கித் தெரியும். அது உங்க சாரியும் இல்ல, கரையில இருக்கிற வேலைப்பாடு முந்தானைக்குப் போகும்போது வேற டிசைன் ஆயிருக்கும்.

நிழற்படம்_NE
நான் கேக்குறது வேற. கட்டாத சாரியைக் கட்டினதா பிரேம் போட்டு சுவர்ல மாட்டுறது எதுக்கு? பட்டமளிப்புப் படம் ஒரு பதிவு.

பண்டாரவளை_ரவி
ஸ்டூடியோவில பின்னால தொங்குற நூலகத் திரை மட்டும் பதிவா? அந்த அலமாரியில ஒரு புத்தகமாவது உண்மையா?

நிழற்படம்_NE
திரை எல்லாருக்கும் பொது, அது பொய்யின்னு எல்லாருக்கும் தெரியும். உடுப்பு அப்படி இல்ல. 300 டிபிஐக்கும் யாரும் பதில் சொல்லலை.

ஹட்டன்_டிஜிட்டல்
சாரி கட்டினவங்க விருப்பம். ஆனா கழுத்துப் பட்டிக் கலரை மாத்தாதீங்க மீனா, அது பீடத்தோட அடையாளம். டிபிஐக்கு, 6000 பிக்சலை 18 இஞ்சிக்குப் பிரிச்சா 333 வருது. போதுமா?

நிழற்படம்_NE
ஒரிஜினல் கிடைச்சாத்தானே.

தலவாக்கலை_மீனா
கிடைச்சிருச்சு, 4000க்கு 6000தான். பெச்மேட் லெப்டொப்ல கலர் மட்டும் மாத்தினேன். முகம் முகமாவே இருக்கு, சின்னத்துல எழுத்தும் வாசிக்கலாம். தங்கக் கரை சரியா வரல, வெள்ளியாவே விட்டுட்டேன். நாடிக்குக் கீழ இன்னும் கொஞ்சம் நீலம். கடைக்காரர் ஜேபெக் கேக்குறாரு, குடுக்கப் போறேன். நன்றி அக்கா.

ஹட்டன்_டிஜிட்டல்
குவாலிட்டி 95க்குக் குறையாம எக்ஸ்போர்ட் பண்ணுங்க, வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பிடாதீங்க. கடையில மெரூனைச் சின்னதா ஒரு துண்டு பிரிண்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்க, கடதாசியில அது ஸ்க்ரீனைவிட இருண்டு வரும்.

பதுளை_செல்வா
மீனா, பிரிண்ட் வந்ததும் சொல்லுங்க. என் தங்கச்சி படம் கறுப்பு சாரி, அதை வெளிர் கலராக்க முடியுமான்னு பாக்கணும்.