முதல் அளவுக்குப் பிறகு SCL எழும்பவே மறுக்கிறது

வயல்வெளி, கிளிநொச்சி
இரணைமடுத் தண்ணீர் பாயும் எங்கள் வயலில் ESP32 வைத்து ஈரப்பதம் பார்க்கிறேன். பெட்டிக்குள் சிறு திரை, முகவரி 0x3C. நான்கு மீற்றர் வயருக்கு அப்பால் BME280, முகவரி 0x76. அதனுடன் மண் ஈர உணரி. பற்றரியை மிச்சம் பிடிக்கப் போன வாரம் டிரான்சிஸ்டர் ஒன்று போட்டேன். அளந்து முடிந்ததும் அது வயலில் உள்ள இரண்டுக்கும் மின்சாரத்தை நிறுத்தும். நிறுத்தியவுடன் திரையும் உறைந்துவிடுகிறது. றீசெட் செய்தால் இன்னொரு முறை மட்டும் ஓடுகிறது. SCL எழும்பவில்லை. இரு பலகைகளிலும் புல்-அப் 10 கிலோ ஓம்.

துணுக்காய்
முகவரி மோதலாக இருக்கும். என்னிடம் DS3231 கடிகாரமும் MPU6050 உம் இரண்டும் 0x68. AD0 முனையை 3.3 வோல்ட்டுக்குக் கொடுத்து MPU6050 ஐ 0x69 ஆக்கியபின் சரியானது.

முறிகண்டி
SCL இல் ஒன்பது துடிப்புகள் அனுப்புங்கள், விடுபடும். புல்-அப்பையும் 1 கிலோ ஓம் ஆக்குங்கள்.

மாங்குளம் பட்டறை
முகவரிகள் வேறு வேறாகத்தானே இருக்கின்றன, தம்பி. ஒன்பது துடிப்பு நல்ல வைத்தியம்தான், ஆனால் அது SDA ஐ ஓர் உணரி பிடித்துக்கொண்டிருக்கும்போது. SCL தானே கீழே கிடந்தால் துடிப்பை எதில் அனுப்புவது? உறைந்த நிலையில் இரு கோடுகளிலும் எத்தனை வோல்ட் என்று அளந்து சொல்லுங்கள்.

வயல்வெளி
அண்ணா, இரண்டிலும் ஏறக்குறைய 0.9 வோல்ட்.

மாங்குளம் பட்டறை
அப்படியானால் யாரும் கோட்டை இழுத்துப் பிடிக்கவில்லை. ஒரு சில்லு பிடித்திருந்தால் 0.4 வோல்ட்டுக்கும் கீழே காட்டும். மின்சாரம் இல்லாத BME280 இன் பாதுகாப்பு டயோடுகள் வழியாகத் திரையின் புல்-அப் மின்னோட்டம் நிறுத்தப்பட்ட வயருக்குள் இறங்குகிறது. அதை மண் உணரி குடித்துவிடுகிறது. 1 கிலோ ஓம் போட்டால் அந்த டயோடுகளுக்குள் இன்னும் அதிகம் தள்ளுவீர்கள். மின்சாரம் இல்லாதபோது அந்த முனைகளை உயரத்தில் வைக்கக்கூடாது, சில்லு பழுதாகும் என்று தரவேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். BME280 ஐ நிரந்தர 3.3 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். உறக்கத்தில் அது 0.1 மைக்ரோ அம்பியர்தான் எடுக்கும். மண் உணரியை மட்டும் டிரான்சிஸ்டரில் விடுங்கள்.

முறிகண்டி
0.9 ஐ நான் கேட்டிருக்கவேண்டும். என்னுடையது SDA சிக்கிய வேறு கதை.

வயல்வெளி
மாற்றிவிட்டேன். இரு கோடுகளும் 3.3 இல் நிற்கின்றன, இரவு முழுவதும் உறையவில்லை. ஆனால் விடியற்காலையில் ஓரிரு அளவுகள் தவறுகின்றன.

மாங்குளம் பட்டறை
இங்கேதான் புல்-அப் பேச்சு வரவேண்டும். இரண்டு 10 கிலோ சேர்ந்து 5 கிலோ. நான்கு மீற்றர் வயரின் கொள்ளளவுக்கு அது மட்டுமட்டு, கோடு மெதுவாக ஏறும். முதலில் வேகத்தைப் பாதியாக்கிப் பாருங்கள்:

```
Wire.setClock(50000);
```

குறையாவிட்டால் பெட்டியில் இன்னொரு 10 கிலோ சேருங்கள்.

வயல்வெளி
வேகத்தைக் குறைத்தபின் ஒரேயொரு தவறுதான். பனி இணைப்பியில் இறங்குகிறதோ என்று நாளை விடிய வயலில் நின்று பார்க்கிறேன்.