பேங்க்ல 130 ரூபாய் கூடுதலா இருக்கு

குழு: மேலத்தெரு வீடு

மீனா: அண்ணா, ஒரு சந்தேகம். மே, ஜூன் ரெண்டு மாசத்துக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்தேன். ஜூன் 30 அன்னைக்கு என் நோட்டுல மீதி 18,640. பேங்க்ல 18,770.30 இருக்கு. 130 ரூபா 30 காசு கூட இருக்கு. எங்கேயிருந்து வந்திருக்கும்?

கார்த்தி: அம்மா, கூடத்தானே இருக்கு. குறைஞ்சிருந்தா தேடலாம். வட்டி போட்டிருப்பாங்க, விடுங்க.

சண்முகம்: வட்டி போட்டிருப்பாங்கங்கிறது சரி கார்த்தி. ஆனா விடக் கூடாது. 130ங்கிறது கூட்டிக் கழிச்சு மிஞ்சினது. ஒரு பக்கம் 1,600 ஏறி இன்னொரு பக்கம் 1,500 இறங்கியிருந்தாலும் இதே மாதிரி சின்னத் தொகைதான் தெரியும். மீனா, மே 1 அன்னைக்கு நோட்டு மீதியும் பேங்க் மீதியும் ஒண்ணா இருந்துச்சா?

மீனா: இருந்துச்சு அண்ணா. அன்னைக்கு ஒத்துப் பார்த்து பக்கத்துல கோடு போட்டு வச்சிருக்கேன்.

சண்முகம்: அப்போ சிக்கல் இந்த ரெண்டு மாசத்துக்குள்ளதான். 130-ஐத் தேடாதே, அந்தத் தொகை எங்கேயும் இருக்காது. பென்சில் எடுத்துக்கோ. ஸ்டேட்மென்ட்ல முதல் வரியிலிருந்து ஒவ்வொண்ணா, அதே தொகை நோட்டுல இருந்தா ரெண்டு இடத்துலயும் டிக் போடு. தேதி ஒண்ணு ரெண்டு நாள் முன்னப்பின்ன இருந்தா பரவாயில்ல, தொகை மட்டும் பைசா வரைக்கும் ஒத்துப் போகணும். முடிச்சதும் டிக் விழாதது எதெல்லாம்னு ரெண்டு பக்கத்துலயும் சொல்லு.

வள்ளி: எனக்கும் இதே கதைதான் மீனா. பங்குனியில ஏடிஎம்ல 5,000 போட்டேன், பணமே வரல, கணக்குல மட்டும் பிடிச்சுட்டாங்க. ரெண்டாவது மெஷின்ல போய் எடுத்தேன். ஆக 10,000 போச்சு.

சுதா: அம்மா, அத்தை கேக்கிறது வேற. உங்க 5,000 திரும்பி வந்துச்சா இல்லையா?

வள்ளி: வந்திருக்கும்னு நினைக்கிறேன். மீதி சரியாத்தான் இருந்த மாதிரி இருக்கு.

சண்முகம்: வள்ளி, பாஸ்புக்ல வரவுப் பக்கத்துல 5,000 தனியா ஒரு வரியா இருக்கான்னு பாரு. மீதியை வச்சுச் சொல்ல முடியாது, பென்ஷனும் அந்தக் கணக்குலதானே விழுது. 2019-ல ரிசர்வ் பேங்க் போட்ட விதிப்படி ஏடிஎம்ல வராத பணம் அஞ்சு நாளுக்குள்ள தானாத் திரும்பணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபா பேங்க் சேர்த்துப் போடணும், நாம கேக்கணும்னுகூட அவசியமில்ல. தேதியைப் பார்த்துச் சொல்லு.

வள்ளி: பாஸ்புக் என்ட்ரி போட்டே ஆறு மாசம் ஆச்சு. திங்கக்கிழமை போறேன்.

மீனா: அண்ணா, முடிச்சுட்டேன். பேங்க்ல இருந்து என் நோட்டுல இல்லாதது:

மே 12: 299
மே 14: 640 (அதே நாள்ல ரெண்டு தடவை இருக்கு, நான் ஒரு தடவைதான் எழுதியிருக்கேன்)
மே 29: 20
ஜூன் 12: 299
ஜூன் 18: 236
ஜூன் 27: 17.70
வரவுல 142, வட்டின்னு போட்டிருக்கு.

என் நோட்டுல இருந்து பேங்க்ல இல்லாதது ஒண்ணே ஒண்ணு. ஜூன் 20, கோயில் திருப்பணிக்குக் குடுத்த 1,500 செக்.

கார்த்தி: அடேங்கப்பா! கூடுதல்னு சொன்னீங்க, இவ்வளவு போயிருக்கே.

சண்முகம்: இப்போ கூட்டிப் பாரு. போனதெல்லாம் சேர்த்து 1,511.70. அந்தப் பக்கம் வட்டி 142, இன்னும் பேங்குக்கு வராத செக் 1,500, ஆக 1,642. கழிச்சா 130.30. கணக்கு நேராயிடுச்சு, விட்டுப்போனது எதுவும் இல்ல. ஆனா மீனா, அந்த 1,500 உன் பணம் இல்ல. செக் தேதியிலிருந்து மூணு மாசம் வரைக்கும் அவங்க எப்ப வேணா போடலாம். உன் கையில உண்மையா இருக்கிறது 17,270.30 தான்.

மீனா: அந்த 1,500 மட்டும் பேங்குக்கு வந்திருந்தா எல்லாம் அப்பவே தெரிஞ்சிருக்கும் இல்ல?

சண்முகம்: ஆமா, 1,369.70 குறையுதுன்னு காட்டியிருக்கும், நீயும் பதறிப்போய்த் தேடியிருப்பே. சரி, ஒவ்வொண்ணா வருவோம். முதல்ல 640. அந்த ரெண்டு வரியையும் அப்படியே போட்டோ எடுத்துப் போடு.

மீனா: போட்டோ சரியா விழல, டைப் பண்றேன்.

```
14-05  UPI/DR/513427718406  640.00
14-05  UPI/DR/513427733951  640.00
```

கார்த்தி: ரெண்டு தடவை டெபிட். பேங்க் மேல கம்ப்ளெய்ன்ட் குடுத்துடலாம் மாமா.

சண்முகம்: கொஞ்சம் பொறு. நடுவுல இருக்கிற 12 இலக்கத்தைப் பாரு. அது ஒவ்வொரு யூபிஐ பரிமாற்றத்துக்கும் தனி நம்பர். ஒரே நம்பர் ரெண்டு தடவை பற்று விழுந்திருந்தா அது பேங்க் செஞ்ச தப்பு, நேரா அவங்க கிட்ட போகலாம். இங்க நம்பர் வேற வேற. அப்படின்னா மீனா போன்லயிருந்தே ரெண்டு தடவை அனுப்பப்பட்டிருக்கு. மீனா, அன்னைக்கு என்ன நடந்துச்சு?

மீனா: ஆமா ஆமா, மளிகைக் கடை. முதல் தடவை சுத்திக்கிட்டே இருந்துச்சு. கடைக்காரத் தம்பி சவுண்டு பாக்ஸ் சொல்லல, வரலன்னார். மறுபடி ஸ்கேன் பண்ணேன், சொல்லுச்சு.

சண்முகம்: அப்போ மே 14-லயிருந்து 20 வரைக்கும் வரவுப் பக்கத்துல 640 திரும்பியிருக்கா பாரு. பெரும்பாலும் முதல் நம்பரே, 8406-ல முடியிறது, மறுபடி அங்க வந்திருக்கும்.

மீனா: இல்ல அண்ணா. அந்த வாரம் வரவே இல்ல.

சண்முகம்: அப்போ ரெண்டுல ஒண்ணு. பணம் கடைக்காரர் கணக்குக்கு லேட்டாப் போய்ச் சேர்ந்திருக்கணும், இல்ல நடுவுல நின்னிருக்கணும். அந்த முதல் நம்பரை எழுதிக்கிட்டுப் போய் அவர் மே 14 வரவுல தேடச் சொல்லு. ‘640 வந்துச்சா’ன்னு கேட்டா ‘வந்துச்சே’ன்னு ரெண்டாவதைக் காட்டிடுவார், நம்பரைச் சொல்லிக் கேளு. அவர்கிட்ட இல்லன்னா யூபிஐ ஆப்ல அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து அங்கேயே புகார் குடுக்கலாம். கடைக்குப் போய்ச் சேராத பணத்துக்கும் அஞ்சு நாள் கணக்குதான், தாண்டினா நாளுக்கு 100.

சுதா: அத்தை, 299 என்னன்னு எனக்குத் தோணுது. லீவுல வந்தப்போ நிதின் உங்க போன்ல கார்ட்டூன் ஆப் ஒண்ணு போட்டுப் பார்த்தான். ஒரு மாசம் இலவசம்னு சொன்னான்.

சண்முகம்: ஏப்ரல்ல 1 ரூபாயோ 2 ரூபாயோ அதே பேர்ல போயிருக்கான்னு பாரு மீனா. இலவசம்னு சேரும்போது அதைத்தான் எடுப்பாங்க.

மீனா: இருக்கு! ஏப்ரல் 12, 2 ரூபா. டீக்கடைக்குக் குடுத்ததுன்னு நினைச்சு எழுதிட்டேன்.

கார்த்தி: அந்த ஆப்பை டெலீட் பண்ணிடுங்கம்மா, நின்னுடும். இல்லன்னா ஃப்ராடுன்னு போட்டு மூணு நாளுக்குள்ள சொன்னா பேங்க் முழுசாத் திருப்பித் தரணும்னு ரூல் இருக்கு.

சண்முகம்: அந்த விதி இருக்கு, 2017-ல வந்தது. ஆனா அது நமக்குத் தெரியாம யாரோ எடுத்த பணத்துக்கு. இதுக்கு மீனா போன்லயே பின் போட்டு அனுமதி குடுத்திருக்கு. ஃப்ராடுன்னு எழுதினா பேங்க் அந்த அனுமதியைக் காட்டிப் புகாரை மூடிடும். ஆப்பை டெலீட் பண்ணாலும் நிக்காது, ஏன்னா அனுமதி அந்த ஆப்ல இல்ல, யூபிஐல இருக்கு. பணம் அனுப்புற ஆப்ல ஆட்டோபேன்னு ஒரு இடம் இருக்கும். அங்க அந்தப் பேரைத் தொட்டு ரத்து பண்ணணும்.

சுதா: அப்பா, ஒவ்வொரு மாசமும் பின் கேக்காதா?

சண்முகம்: முதல் தடவைதான் கேக்கும். அதுக்கப்புறம் 15,000 வரைக்கும் பின் இல்லாமலே போகும். ஒரு நாள் முன்னாடி அறிவிப்பு மட்டும் வரும்.

மீனா: வந்திருக்கும். நூத்துக்கணக்குல விளம்பரத்தோட வருது, எதைன்னு பார்க்கிறது?

கார்த்தி: அம்மா, இன்னைக்கு ராத்திரி வீடியோ கால் பண்றேன், ஜூலை 12-க்கு முன்னாடி ரத்து பண்ணிடலாம். போன 598 வருமா மாமா?

சண்முகம்: அது அந்த கம்பெனி மனசு. கஸ்டமர் கேருக்கு எழுதிக் கேளுங்க, சில பேர் கடைசி மாசத்தைத் திருப்பித் தருவாங்க. பேங்கைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. அடுத்து அந்த 20 ரூபா, PMSBY-ன்னு போட்டிருக்கா?

மீனா: ஆமா.

சண்முகம்: பிரதமர் விபத்துக் காப்பீடு. வருஷத்துக்கு 20, மே கடைசியில பிடிப்பாங்க. அது நல்லதுதான், இருக்கட்டும். ஆனா உன் இன்னொரு கணக்குலயும், அந்த கூட்டு வட்டி டெபாசிட் வச்சிருக்கிற பேங்க்ல, 20 பிடிச்சிருக்காங்களான்னு பாரு. ரெண்டு இடத்துல கட்டினாலும் கிடைக்கிறது ஒரே 2 லட்சம்தான். ரெண்டாவது பிரீமியம் வீண்.

வள்ளி: எனக்கு மூணு பேங்க்லயும் சேர்த்துவிட்டாங்களே! கவுன்டர்ல கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன்.

சண்முகம்: ரெண்டுல நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்துடு. நாமினி பேர் எந்தக் கணக்குல சரியா இருக்கோ அதை வச்சுக்கோ, தொகையைவிட அது முக்கியம்.

கார்த்தி: 20 ரூபாய்க்கு மெசேஜ்கூட வரலையே மாமா. நான் எஸ்எம்எஸ் பார்த்தே எல்லாம் தெரிஞ்சுக்கலாம்னு இருந்தேன்.

சண்முகம்: சின்னத் தொகைக்குச் சில பேங்க் அனுப்புறதில்ல. அந்த 17.70 எஸ்எம்எஸ்ஸுக்கான கட்டணமேதான், 15 ரூபாயும் 18 சதவீதம் ஜிஎஸ்டியும். அது முறையான கட்டணம், நோட்டுல எழுதிக்கோ மீனா. அதே கணக்குல 236-ஐப் பாரு: 200-க்கு ஜிஎஸ்டி 36. ஏடிஎம் கார்டு வருஷக் கட்டணம் மாதிரி தெரியுது.

மீனா: கார்டா? போன வருஷம் கார்த்திகையிலேயே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேனே. வெட்டி அவங்க கையிலேயே குடுத்தேன்.

சண்முகம்: எழுதிக் குடுத்ததுக்கு நகல் இருக்கா?

மீனா: சீல் வச்ச காப்பி பீரோல இருக்கு. அண்ணி கூட இருந்தாங்க.

வள்ளி: ஆமா, நானும் போனேன். அன்னைக்கு மழை.

சண்முகம்: அப்போ இதுதான் பேங்க் செஞ்ச தப்பு, முழுசாக் கேட்டு வாங்கலாம். ஒரு பக்கம் கடிதம் போதும்: கணக்கு எண், ஜூன் 18-ல 236, கார்டு ஒப்படைச்ச தேதி, சீல் வச்ச காப்பியோட ஜெராக்ஸ். வாயால மட்டும் சொல்லிட்டு வராதே, புகார் நம்பர் வாங்கு. 30 நாள்ல பதில் வரலன்னா, இல்ல பதில் திருப்தியா இல்லன்னா, cms.rbi.org.in-ல ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். அங்க முதல்ல கேக்கிறதே பேங்குக்கு எப்போ புகார் குடுத்தீங்கன்னுதான்.

சுதா: அப்பா, கார்டு இன்னும் உயிரோட இருக்கோ என்னவோ?

சண்முகம்: நல்ல கேள்வி சுதா. கட்டணம் பிடிச்சிருக்காங்கன்னா அவங்க சிஸ்டத்துல மூடாமலே இருக்கலாம். மீனா, கடிதத்துல அதையும் ஒரு வரி சேர்: கார்டு மூடப்பட்டதுன்னு எழுத்துல வேணும்.

மீனா: சரி அண்ணா. கடைக்கு இப்பவே போறேன்.

(மாலை)

மீனா: கடைக்காரத் தம்பி பார்த்தார். அவர் போன்ல மே மாசம் பழசுல தேட வரல. ஸ்டேட்மென்ட் எடுத்து நாளைக்குச் சொல்றேன்னார். நம்பரைச் சீட்டுல எழுதிக் கல்லாவுல ஒட்டிட்டு வந்தேன்.

கார்த்தி: ஆட்டோபே ரத்து பண்ணியாச்சு மாமா. அம்மா போன்ல இன்னொண்ணும் இருந்துச்சு, 99 ரூபா, செப்டம்பர்ல பிடிக்கிற மாதிரி. யாரு போட்டதுன்னு அம்மாவுக்கும் தெரியல.

சண்முகம்: பேரை ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு அதையும் ரத்து பண்ணு.