புதுப்பிப்பு: டி-டைமர் கணக்கில் லைக்லிஹுட் ரேஷியோவை எதோடு பெருக்குவது?

நான் கேட்டிருந்தது: "காலில் ஆழ்சிரை இரத்தக்கட்டு இருக்க 20% வாய்ப்பு. டி-டைமர் இரத்தப் பரிசோதனையின் உணர்திறன் 95%, தனித்தன்மை 40%. முடிவு நெகட்டிவ் என்றால் வாய்ப்பு எவ்வளவு?"

பதிலளித்தவர்களுக்கு நன்றி. விடை 3%, விடைத்தாளோடு ஒத்துப்போனது. கைகொடுத்தது, சதவீதத்தை முதலில் ஆட்ஸாக, அதாவது இருக்கும் வாய்ப்பை இல்லாத வாய்ப்பால் வகுத்த எண்ணாக, மாற்றச் சொன்ன முதுநிலை மாணவியின் வழி. நெகட்டிவ் முடிவுக்கான லைக்லிஹுட் ரேஷியோ 0.05/0.40, அதாவது 0.125. மீதி இப்படி, கடைசி வரி ஆட்ஸை மறுபடி வாய்ப்பாக மாற்றுவது:

```
0.20 / 0.80 = 0.25
0.25 × 0.125 = 0.031
0.031 / 1.031 = 0.03
```

"20%ஐ நேரே 0.125ஆல் பெருக்குங்கள், 2.5% வரும், அது போதும்" என்றார் இன்னொருவர். இங்கே போதும்தான். அடுத்த கேள்வியில் தொடக்க வாய்ப்பு 70%. அவர் வழியில் 9% வருகிறது; ஆட்ஸ் வழியில் 2.33 × 0.125 = 0.29, அதாவது சுமார் 23%. வாய்ப்பு சிறிதாக இருக்கும்வரைதான் குறுக்குவழி செல்லும்.

எனக்கு வியப்பளித்தது இந்த 23%தான். நெகட்டிவ் வந்தும் நான்கில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட இரத்தக்கட்டு இருக்கும். சந்தேகம் வலுவாக இருந்தால் மருத்துவர்கள் டி-டைமரை நம்பி நிற்காமல் டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்புவது இதனால்தான்.

தம் அம்மாவுக்கு பாசிட்டிவ் வந்ததாக எழுதியவருக்கு: பாசிட்டிவ் ரேஷியோ 0.95/0.60, ஏறக்குறைய 1.6. 20% என்பது 28% ஆகும், அவ்வளவே. ஆனால் அம்மாவின் தொடக்க வாய்ப்பை அவரைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

இரண்டு பரிசோதனைகளின் ரேஷியோக்களை அடுத்தடுத்துப் பெருக்கலாமா என்பது இன்னும் முடியவில்லை. ஒன்றையொன்று சாராதவை என்றால் சரி. டி-டைமரும் டாப்ளரும் அப்படியா?