இன்சுலின் பம்ப்: செட் மாற்றிய ராத்திரியே சர்க்கரை ஏறுகிறது, அலாரமும் அடிக்கவில்லை. என்ன செய்ய?

தக்கலை அம்மா

என் மகளுக்கு 13 வயது, டைப் 1. பம்ப் போட்டு நாலு மாதம் ஆகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை நானே செட் மாற்றுவேன். முதல் மூன்று மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த மாதம் மட்டும் மூன்று தடவை, செட் மாற்றிய ராத்திரியே சர்க்கரை ஏறிவிட்டது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ஏழரைக்குச் சாப்பாடு, அதற்கான போலஸ் பழைய செட்டிலேயே போனது. ஒன்பது மணிக்கு 165. அப்போதுதான் தொடையில் புது செட் போட்டேன். பன்னிரண்டுக்கு 238, ரெண்டு மணிக்கு 312. அவளுக்கு இலக்கு 120, ஒரு யூனிட்டுக்கு 50 இறங்கும் என்று டாக்டர் கணக்குப் போட்டுத் தந்திருக்கிறார். பம்ப் 3.8 யூனிட் கேட்டது, கொடுத்தேன். மூன்றேகாலுக்கு 329. திரும்பக் கேட்டால், முன்பு போட்ட இன்சுலின் இன்னும் உடம்பில் வேலை செய்கிறது, 1.6 போதும் என்றது. அதையும் கொடுத்தேன். ஐந்தரைக்கு 351. பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சிறுநீர் ஸ்ட்ரிப்பில் கீட்டோன் நடுத்தரம் காட்டியது.

பயந்துபோய் பேனா ஊசியில் 4.6 போட்டுவிட்டு செட்டை மாற்றினேன். ஏழரைக்கு 268, பத்து மணிக்கு 150. இப்போது நன்றாக இருக்கிறாள்.

பம்ப்தான் கெட்டுப்போயிருக்கிறதா? அடைப்பு என்றால் அலாரம் அடிக்கும் என்றுதானே சொன்னார்கள்?

மார்த்தாண்டம் 78

ராத்திரி என்ன சாப்பாடு? மரச்சீனியும் சாளைக் கறியும் என்றால் எனக்கும் நள்ளிரவுக்கு மேல்தான் ஏறும். எண்ணெயும் மீனும் சேர்ந்தால் மாவுச்சத்து மெதுவாகத்தான் இறங்கும், போலஸ் அதற்குள் தீர்ந்துவிடும். பம்பைக் குறை சொல்லும் முன் சாப்பாட்டைப் பாருங்கள். இந்த வெயிலில் இன்சுலினும் கெட்டிருக்கலாம்.

தக்கலை அம்மா

மரச்சீனி இல்லை. ரெண்டு தோசை, சட்னி. காலையில் பேனாவில் போட்டதும் அதே பெட்டியில் வந்த இன்சுலின்தான், அது நன்றாகவே இறக்கியது.

கருங்கல் வாத்தியார்

என் அப்பாவுக்குக் கையில் ஒட்டுகிறோம், பதினாலு நாள் வரும். நீங்கள் ஏன் மூன்று நாளில் கழற்றுகிறீர்கள்? முதல் நாள் தப்பாகக் காட்டும், மறுநாள் சரியாகிவிடும். பயப்பட வேண்டாம்.

குளச்சல் பம்ப்காரன்

வாத்தியார் சொல்வது சர்க்கரை அளக்கும் சென்சார். அம்மா கேட்பது இன்சுலின் உள்ளே போகிற செட். சென்சார் தப்பாகக் காட்டினால் விரலில் குத்திப் பார்த்துக்கொள்ளலாம். செட்டை மறுநாள் சரியாகும் என்று விட்டால் பிள்ளையை ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டிவரும்.

அம்மா, நான் பதினோரு வருடமாகப் பம்பில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன ராத்திரி எனக்கும் பலமுறை வந்திருக்கிறது. பம்ப் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. பம்ப் தள்ளியிருக்கிறது, பிள்ளைக்குள் போகவில்லை. டியூப் வழியாக எவ்வளவு தள்ளினோம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

அலாரம் அடிப்பது உள்ளே அழுத்தம் ஏறினால்தான். தோலுக்குள் இருக்கும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மடங்கினால் ரெண்டு விதமாக நடக்கும். முழுதாக அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறி அலாரம் வரும். ஆனால் ராத்திரி பேசல் மணிக்கு அரை யூனிட் அளவில் போகிற பிள்ளைக்கு அந்த அழுத்தம் சேரவே சில மணி நேரம் ஆகும். இன்னொன்று, இன்சுலின் குழாயின் ஓரமாகவே மேலேறி ஒட்டுப் பிளாஸ்டருக்கடியில் கசிந்துவிடும். அதில் அழுத்தமே ஏறாது, அலாரமும் வராது. உங்கள் 3.8 யூனிட் தடையில்லாமல் போய், சர்க்கரையும் இறங்கவில்லை என்றால் எனக்கு இந்த ரெண்டாவதுதான் தோன்றுகிறது.

மூன்றேகால் மணிக்கு 1.6 போதும் என்று சொன்னதே, அதைக் கவனியுங்கள். 329-க்கு 4.2 தேவை. தரையில் கசிந்த குழாய்த் தண்ணீர் குடத்தில் இருப்பதாகக் கணக்கெழுதியது போல, உள்ளே போகாத இன்சுலினை உடம்பில் இருப்பதாக வைத்துக் கழித்துவிட்டது. செட் மேல் சந்தேகம் வந்த பிறகு பம்பின் கணக்கை நம்பக் கூடாது. நீங்கள் ஐந்தரைக்குத் தாளில் போட்ட 4.6தான் சரியான கணக்கு.

எனக்கு டாக்டர் சொல்லித் தந்த வழக்கம் இது. காரணம் தெரியாமல் 250-ஐத் தாண்டினால் முதலில் கீட்டோன் பார். இல்லையென்றால் பம்பில் ஒரே ஒரு கரெக்ஷன். ஒரு மணி நேரம் கழித்து இறங்கத் தொடங்கவில்லை என்றால் ரெண்டாவதைப் பம்பில் கொடுக்காதே, பேனாவில் போடு, செட்டை மாற்று. கீட்டோன் இருந்தால் அந்த ஒரு மணி நேரமும் காத்திருக்காதே, முதலில் பேனா, அப்புறம் செட். செட்டை மாற்றிவிட்டுப் பம்பிலேயே கொடுக்கலாம் என்று நினைத்தால், புது இடமும் வேலை செய்கிறதா என்பது இன்னொரு மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், பேனா போட்ட காலத்தில் நீண்ட நேர இன்சுலின் அடியில் இருந்தது. பம்பில் வேக இன்சுலின் மட்டும்தான். அது நின்றால் மூன்று நாலு மணி நேரத்தில் உடம்பு காலி, கீட்டோன் தொடங்கிவிடும். வாந்தி வந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள், வண்டியை எடுத்து ஆசாரிப்பள்ளத்துக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். கழற்றிய செட்டை வீசிவிட்டீர்களா?

தக்கலை அம்மா

நல்லவேளை, குப்பையில்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். குழாய் நேராக இல்லை, தூண்டில் முள் மாதிரி நுனி மேல்நோக்கி வளைந்திருக்கிறது. ரத்தம் இல்லை. பிளாஸ்டரின் அடிப்பக்கம் காய்ந்துவிட்டது, ஆனால் மூக்கில் வைத்தால் இன்சுலின் வாசம் அடிக்கிறது.

குளச்சல் பம்ப்காரன்

அப்போ அதேதான். அந்த மருந்து வாசம் வந்தாலே கசிந்தது என்று அர்த்தம். ராத்திரியிலும் சந்தேகம் வந்தால் பிளாஸ்டரின் ஓரத்தை விரலால் அமுக்கி முகர்ந்து பாருங்கள். ஆனால் வாசம் இல்லை என்பதற்காக செட் நல்லது என்று விடாதீர்கள், சர்க்கரை இறங்குகிறதா என்பதுதான் சாட்சி.

இன்னொரு கேள்வி. மூன்று மாதம் நன்றாக இருந்தது, இந்த மாதம்தான் என்கிறீர்கள். செட் பெட்டி புதிதா? பெட்டி மேல் எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள்.

தக்கலை அம்மா

இப்போதுதான் பார்த்தேன். புதுப் பெட்டியில் 9 என்று இருக்கிறது. பழைய பெட்டியில் 6! வாங்கும்போது இதைக் கவனிக்கவே இல்லை. இவள் 38 கிலோதான், தொடையில் சதையே கிடையாது.

குளச்சல் பம்ப்காரன்

மெலிந்த தொடையில் நேராகக் குத்தினால் 9 மில்லிமீட்டர் தசையில் போய் முட்டலாம். பிள்ளை காலை மடக்கி நீட்டும்போது தசை அசையும், குழாய் மடங்கும். இன்னொன்றும் உண்டு. செட் போட்டதும் குழாயை நிரப்பக் கொடுப்போமே, நான் போடுகிற செட் வகையில் அது 6-க்கு 0.3 யூனிட், 9-க்கு 0.5. உங்கள் செட்டுக்கு எவ்வளவு என்று அதோடு வந்த தாளில் பாருங்கள். பழைய பழக்கத்தில் 0.3 கொடுத்திருந்தால் 0.2 குறைந்திருக்கும். அது சின்ன விஷயம்தான், 350 ஆக அது காரணமில்லை.

பேச்சிப்பாறை அப்பா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு 9தான், வயிற்றில் போடுகிறோம், ஒரு தடவையும் மடங்கியதில்லை. அதனால் நீளம் மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்குப் பிரச்சினை வேர்வை. நான் ரப்பர் பால் வெட்டப் போகும்போது லீவு நாளில் அவனும் கூட வருவான், எட்டு மணிக்குள் பிளாஸ்டர் ஓரம் எழும்பிவிடும். ஓரம் எழும்பினால் குழாய் கொஞ்சம் வெளியே வந்தாலும் தெரியாது. இப்போது ஸ்பிரிட்டில் துடைத்து, விசிறாமல் ஊதாமல் தானாகக் காயவிட்டு ஒட்டுகிறோம், மேலே இன்னொரு டேப். அப்புறம் டாக்டர் இரும்பு ஊசி செட் என்று ஒன்று சொன்னார். அது மடங்கவே மடங்காதாம், ஆனால் ரெண்டு நாளில் மாற்ற வேண்டும். பையன் குத்துது என்று வேண்டாம் என்றுவிட்டான்.

தக்கலை அம்மா

இவளுடைய ஒட்டு எழும்பவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பம்புக்கு முன் ஆறு வருடம் தொடையில்தான் ஊசி போட்டோம். தடவினால் ஒரு இடம் மட்டும் ரப்பர் மாதிரி கெட்டியாக இருக்கிறது. இந்தத் தடவை அதற்குப் பக்கத்தில்தான் போட்டேன் என்று நினைக்கிறேன்.

குளச்சல் பம்ப்காரன்

அந்தக் கெட்டி இடத்தில் போடவே கூடாது. குழாய் நேராக இருந்தாலும் அங்கே இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சாது. ஒருநாள் இறங்கும், ஒருநாள் இறங்காது. நீளமா கெட்டியா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். டாக்டரைப் பார்க்கும்போது அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வளைந்த செட்டையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள்.

அதுவரைக்கும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராத்திரி படுக்கும் முன் செட் மாற்ற வேண்டாம். பள்ளி விட்டு வந்ததும் மாற்றுங்கள். ரெண்டு மணி நேரத்தில் ஒருமுறை குத்திப் பார்த்தால், மடங்கியிருந்தால் எல்லோரும் விழித்திருக்கும்போதே தெரிந்துவிடும். டியூபை நிரப்பும்போது உடம்பிலிருந்து கழற்றியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவசரத்தில் மறந்தால் அத்தனை யூனிட்டும் பிள்ளைக்குள் போய்விடும். ராத்திரி மூன்று மணிக்கு அந்த வேலை வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம்.

மார்த்தாண்டம் 78

நான் சாப்பாடு என்று சொன்னது இங்கே பொருந்தவில்லை, சரி. ஆனால் ஒரு சந்தேகம். பம்பில் போன 5.4 யூனிட்டில் பாதியாவது உள்ளே போயிருந்தால், மேலே 4.6 பேனாவில் போட்டது ஆபத்தில்லையா?

குளச்சல் பம்ப்காரன்

நல்ல கேள்வி. எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. மூன்றரை மணி நேரத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது, கீட்டோனும் வந்துவிட்டது, அதனால் பெரிதாக ஒன்றும் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் பேனா போட்ட பிறகு மணிக்கு ஒருமுறை குத்திப் பார்க்க வேண்டும், பழச்சாறு கையில் இருக்க வேண்டும். பேனாவில் போட்டது பம்புக்குத் தெரியாது, ஆகவே அடுத்த நாலு மணி நேரம் அது சொல்கிற கரெக்ஷனை அப்படியே கொடுக்கக் கூடாது. அம்மா ஏழரைக்குப் பிறகு பத்து மணிக்குத்தான் பார்த்திருக்கிறார்கள். எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் பார்த்திருக்கலாம்.

தக்கலை அம்மா

சரி, இனிமேல் பார்க்கிறேன். இன்று நாலரைக்கு வயிற்றில், தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி, பழைய பெட்டியில் மிச்சமிருந்த 6 மில்லிமீட்டர் ஒன்றைப் போட்டேன். ஆறரைக்கு 142, எட்டுக்கு 131. பேனாவையும் கீட்டோன் ஸ்ட்ரிப்பையும் அவள் கட்டில் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். பிரிக்காத 9 மில்லிமீட்டர் பெட்டி ஒன்று இருக்கிறது, கடையில் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்கள். இடுப்புக்குக் கீழே பின்பக்கம் சதை இருக்கிற இடத்தில் அதைப் போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?