புதுச்சேரி 4 பகுதி சர்வே: மாஹேவுக்கு 40 பேர்தான் விழுகிறது, குறைந்தபட்ச சாம்பிளை எப்படி வைப்பது?

கவிதா: புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் ஒரு சுகாதார சர்வே. மொத்தம் 1200 பேர், அதற்கு மேல் பணம் இல்லை. 4 பகுதிகளையும் 4 அடுக்காக எடுத்திருக்கிறோம். 2011 சென்சஸ்படி புதுச்சேரி 9,50,289, காரைக்கால் 2,00,222, ஏனாம் 55,626, மாஹே 41,816.

மக்கள்தொகை விகிதப்படி பிரித்தால் புதுச்சேரிக்கு 914, காரைக்காலுக்கு 193, ஏனாமுக்கு 53, மாஹேவுக்கு 40 வருகிறது. பணம் தருபவர்கள் 4 பகுதிக்கும் தனித்தனி விழுக்காடு கேட்கிறார்கள். 40 பேரை வைத்துக்கொண்டு மாஹேவைப் பற்றி என்ன சொல்ல முடியும்? பகுதிக்கு 300 என்று சமமாகப் பிரித்துவிடலாமா? முக்கியக் கேள்வி ஒன்றுதான்: உடம்புக்கு முடியாவிட்டால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் எத்தனை விழுக்காடு?

செந்தில்: இவ்வளவு கவலை வேண்டாம் என்று நினைக்கிறேன். மாஹே சின்ன ஊர், ஆளும் குறைவு. அதற்குச் சின்ன சாம்பிளே போதும். 30க்கு மேல் இருந்தால் சராசரி நார்மலாக நடந்துகொள்ளும் என்றுதானே விதி. 40 அதைத் தாண்டிவிட்டது.

மாணிக்கம்: செந்தில் சொல்கிற 30, நார்மல் சூத்திரத்தைப் பயன்படுத்தலாமா என்பதற்கான தோராய விதி. அது ஓரளவு சரி. ஆனால் விடை எவ்வளவு துல்லியம் என்று அது சொல்லாது. 40 பேரில் 50% என்று விடை வந்தால் 95% நம்பிக்கையில் பிழை ±15.5 புள்ளி. உண்மை 35ஆகவும் இருக்கலாம், 65ஆகவும் இருக்கலாம். ஊர் சின்னது என்பதால் கிடைக்கும் சலுகையும் இங்கே இல்லை. 41,816 பேரில் 150 பேரை எடுத்தால்கூட, ஊரின் அளவுக்காகச் சூத்திரத்தில் செய்யும் திருத்தம் பிழையை 0.2% அளவுக்குத்தான் குறைக்கும். ஊரில் மொத்தமே சில நூறு பேர் என்றால் கதை வேறு.

கவிதா மேடம், சமமாகப் பிரிப்பதில் வேறு நஷ்டம். ஒவ்வொரு பகுதிக்கும் ±5.7 கிடைக்கும், நல்லதுதான். ஆனால் மக்களில் 76% பேர் புதுச்சேரிப் பகுதியில் இருக்கிறார்கள். அங்கே 300 பேரை மட்டும் பார்த்தால் மொத்தப் பிரதேசத்துக்கான பிழை ±2.8லிருந்து ±4.4 ஆகிவிடும். 1200 பேரிடம் கேட்டுவிட்டு, விகிதப்படி 493 பேரிடம் கேட்ட துல்லியத்தைப் பெறுகிறீர்கள்.

எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். மாஹேவுக்கு எவ்வளவு பிழையைத் தாங்கலாம் என்று பணம் தருபவர்களிடம் முதலில் எழுதி வாங்குங்கள். 50% விடைக்கு 1.96 × 0.5 = 0.98. ±8 போதும் என்றால் (0.98/0.08)² = 150. அதுதான் உங்கள் குறைந்தபட்சம். மாஹே 150, ஏனாம் 150 என்று ஒதுக்கிவிட்டு மீதி 900ஐ மற்ற இரண்டுக்கும் விகிதப்படி கொடுங்கள். புதுச்சேரி 743, காரைக்கால் 157 வரும். மொத்தப் பிரதேசத்துக்குப் பிழை ±3.0. 0.2 புள்ளி விட்டுக்கொடுத்து மாஹேவை 15.5லிருந்து 8க்குக் கொண்டுவருகிறோம். இது லாபமான பேரம்.

ராஜேஸ்வரி: நெய்மன் ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கிறதே, எங்கே சிதறல் அதிகமோ அங்கே அதிகம் எடுப்பது. அதுதான் மிகச் சிறந்தது என்று படித்தேன்.

மாணிக்கம்: மொத்தச் சராசரி ஒன்றே குறி என்றால் அதுவே சிறந்தது. ஆனால் அதுவும் அடுக்கின் அளவால் பெருக்கித்தான் பிரிக்கிறது, எனவே மாஹே மறுபடியும் அடிபடும். தவிர, விழுக்காட்டுக் கேள்வியில் சிதறல் பெரிதாக மாறாது. 30% என்றால் 0.46, 50% என்றால் 0.50. அந்த வித்தியாசத்தால் ஒதுக்கீடு அசையாது. வருமானம், நிலப்பரப்பு போன்றவற்றில்தான் நெய்மன் கைகொடுக்கும்.

கவிதா: நன்றி சார். ஒரு சிக்கல். 150க்குப் பதில் 160 வைத்து எக்செல்லில் போட்டேன். மீதி 880இல் காரைக்காலுக்கு 153தான் வருகிறது. குறைந்தபட்சத்துக்குக் கீழே போய்விட்டது! சூத்திரம் தப்பா?

மாணிக்கம்: சூத்திரம் சரிதான், ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டீர்கள். சின்ன அடுக்குகளுக்குக் கொடுத்தது நடுத்தர அடுக்கிலிருந்தும் பிடுங்கப்படுகிறது. அதனால் அதுவும் கோட்டுக்குக் கீழே விழலாம். விழுந்தால் அதையும் 160இல் நிறுத்தி மீதியை மறுபடி பிரிக்க வேண்டும், எதுவும் விழாத வரை. இங்கே இரண்டாவது சுற்றில் காரைக்கால் 160, புதுச்சேரி 720 என்று நின்றுவிடும். ஆர்-இல்:

```r
N <- c(Puducherry=950289, Karaikal=200222,
       Yanam=55626, Mahe=41816)
n <- 1200; m <- 160
fix <- N < 0
repeat {
  a <- ifelse(fix, m, (n - m*sum(fix)) * N / sum(N[!fix]))
  if (all(a[!fix] >= m)) break
  fix <- fix | a < m
}
round(a)
```

ரவுண்டு செய்த பிறகு கூட்டுத்தொகை 1200தானா என்று பாருங்கள். ஒன்றிரண்டு பிசகினால் பெரிய அடுக்கில் சரிசெய்யுங்கள், சின்னதில் கை வைக்க வேண்டாம்.

நிர்மலா: இதே கேள்வி எனக்கும். பள்ளிகள் சர்வே. குறைந்தபட்சம் 30 பள்ளி என்று வைத்தேன், ஒரு அடுக்கில் மொத்தமே 22 பள்ளிதான் இருக்கிறது. அந்த அடுக்கை வேறொன்றோடு சேர்த்துவிடலாமா?

மாணிக்கம்: சேர்க்க வேண்டாம். 22ஐயும் எடுத்துவிடுங்கள், மிஞ்சும் 8ஐ மற்ற அடுக்குகளுக்குக் கொடுங்கள். எல்லாவற்றையும் எடுத்த அடுக்கில் சாம்பிள் பிழையே கிடையாது, ஆனால் மென்பொருளுக்கு அது தெரிய வேண்டும். ஆரின் `survey` தொகுப்பில் உள்ள `svydesign`-இல், அடுக்கின் மொத்த அளவைச் சொல்லும் `fpc` கொடுக்காவிட்டால் அந்த 22ஐயும் பெரிய கூட்டத்திலிருந்து எடுத்ததாக நினைத்துப் பிழையை ஊதிக் காட்டும். மேலே உள்ள ஆர் நிரலிலும் இந்த உச்சவரம்பு இல்லை. உங்கள் அடுக்குகளுக்கு அதைச் சேர்த்துக்கொண்டு ஓட்டுங்கள்.

அருள்: குறைந்தபட்சம் வைப்பது கொஞ்சம் முரட்டு வழி. 160 என்ற கோட்டுக்கு ஏற்ப எல்லாம் திடீரென்று மாறுகிறது. லெஸ்லி கிஷ் கொடுத்த சமரச வாய்பாடு மென்மையானது: `n_h ∝ sqrt(W_h^2 + 1/H^2)`. W_h என்பது அடுக்கின் மக்கள்தொகைப் பங்கு, H என்பது அடுக்குகளின் எண்ணிக்கை. இந்த எண்களுக்குப் போட்டால் புதுச்சேரி 599, காரைக்கால் 222, ஏனாம் 190, மாஹே 189. இன்னும் எளிது வேண்டுமென்றால் மக்கள்தொகையின் வர்க்கமூலப்படி பிரிக்கலாம். அப்படிச் செய்தால் 628, 288, 152, 132.

மாணிக்கம்: இரண்டும் நல்ல வழிதான், கணக்கும் சரி. எனக்கு உள்ள தயக்கம் இது. வர்க்கமூல வழியில் மாஹேவுக்கு ±8.5 வருகிறது. ±8 என்று வாக்குக் கொடுத்திருந்தால் அது தவறிவிட்டது, ஆனால் யாரும் கேட்காமலேயே காரைக்காலுக்கு ±5.8 கிடைத்திருக்கிறது. கிஷ் வழியில் மாஹேவுக்கு ±7.1, ஆனால் மொத்தப் பிழை ±3.25. பகுதிவாரியாக இலக்கு தெளிவாக இருந்தால் குறைந்தபட்சம் வைப்பதே நேர்வழி. 'எல்லாம் ஓரளவுக்கு நன்றாக வர வேண்டும்' என்று மட்டும் சொல்லி, எந்த எண்ணையும் தரமாட்டேன் என்பவர்களுக்குக் கிஷ் வாய்பாடு பொருந்தும்.

அருள்: காரைக்கால்காரர்கள் அதை ஏற்பார்களா? மாஹேவைவிடக் கிட்டத்தட்ட 5 மடங்கு பெரிய ஊர், அதே 160தானா? விகிதப்படி 193 கிடைத்திருக்கும். புதுச்சேரியை விட்டால், சமரசத்தில் அடி வாங்குவது அந்த ஊர் மட்டும்தான்.

மாணிக்கம்: உண்மை. ±7.1 இருந்தது ±7.7 ஆகிறது. கணிதத்தில் இதற்கு ஒரே விடை இல்லை. காரைக்காலுக்குத் தனிக் குறைந்தபட்சமாக 200 வைக்கலாம், அந்த 40 புதுச்சேரியிலிருந்து போகும். முடிவு பணம் தருபவர்களுடையது.

கவிதா: களத்தில் தனித்தனி ஆட்களாகப் பொறுக்கப் போவதில்லை. சென்சஸ் கணக்கெடுப்புத் தொகுதி ஒன்றைத் தேர்ந்து அதில் 10 பேரிடம் கேட்பதாகத் திட்டம். 150 என்றால் 15 தொகுதி. இது எதையாவது மாற்றுமா?

மாணிக்கம்: நிறைய மாற்றும், நல்லவேளை இப்போதே கேட்டீர்கள். இதுவரை போட்ட கணக்கெல்லாம் தனி ஆள் சாம்பிளுக்கு. ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே மருத்துவமனைக்குப் போவார்கள், பத்துப் பேரிடம் கேட்டாலும் பத்துத் தனிப் பதில் கிடைக்காது. அந்த ஒற்றுமையை 0.05 என்று வைத்தால் டிசைன் எஃபெக்ட் 1 + 9 × 0.05 = 1.45. உங்கள் 150 பேர் 103 பேருக்குச் சமம், ±8 என்பது ±9.6 ஆகும். ±8ஐத் தக்கவைக்க 218 பேர் வேண்டும்.

அதற்குப் பதில் தொகுதிக்கு 5 பேராகக் குறையுங்கள். எஃபெக்ட் 1.2, தேவை 180 பேர், 36 தொகுதி. மாஹே மொத்தமே 9 சதுர கிலோமீட்டர். அங்கே போய்ச் சேருவதுதான் செலவு, உள்ளே தொகுதி தொகுதியாக அலைவதற்குப் பெரிதாக ஆகாது. பெரிய பகுதியில் இந்த வாதம் அவ்வளவு எடுபடாது. தொகுதிக்கு 600 பேர் என்று வைத்தால் மாஹேவில் சுமார் 70 தொகுதிதான் இருக்கும். அதில் 36ஐத் தொடுவதால் உண்மைப் பிழை இதைவிடச் சற்றுக் குறையவும் கூடும்.

180 வைத்து அந்த ஆர் நிரலை ஓட்டினால் காரைக்கால், ஏனாம், மாஹே மூன்றும் 180, புதுச்சேரி 660. எல்லா இடத்திலும் தொகுதிக்கு 5 பேர் என்றால் மொத்தப் பிழை ±3.5. அதே 5 பேர் முறையில் விகிதப்படி பிரித்திருந்தால் ±3.1. இந்த 0.4தான் நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை.

இன்னொன்று. 180 என்பது முடித்த நேர்காணல்களின் எண்ணிக்கை. பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்றால் 200 முகவரி எடுத்துப் போக வேண்டும். மாஹேவில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. வினாத்தாள் அந்த மொழியில் இல்லாவிட்டால் பதில் மறுப்பு அதே சின்ன அடுக்கில்தான் கூடும், குறைந்தபட்சமும் அங்கேதான் உடையும்.

செந்தில்: இப்படிச் சின்ன ஊருக்கு அதிகம் எடுத்தால் மொத்த விழுக்காடு கோணலாகிவிடாதா?

மாணிக்கம்: வெயிட் போடாவிட்டால் கட்டாயம் ஆகும். ஒரு கற்பனைக் கணக்கு: அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் புதுச்சேரியில் 20%, காரைக்காலில் 30%, ஏனாமில் 50%, மாஹேவில் 60% என்று வைப்போம். 743, 157, 150, 150 என்ற சாம்பிளை அப்படியே கூட்டி வகுத்தால் 30.1% வரும். மக்கள்தொகை வெயிட்டுடன் 24.3%. சாம்பிளில் ஆளுக்கு ஒரு வாக்கு என்று விட்டதால் வந்த வித்தியாசம் இது. புதுச்சேரியில் ஒருவர் 1279 பேருக்கு, மாஹேவில் ஒருவர் 279 பேருக்கு நிற்கிறார். அந்த எண்கள் டேட்டா ஃபைலில் தனிப் பத்தியாக முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

கவிதா: வெயிட் பத்தி சேர்த்துவிட்டேன். கடைசியாக ஒன்று: மாஹேவில் ஆண், பெண் தனித்தனியாகவும் கேட்கிறார்கள்.

மாணிக்கம்: 180இல் பாதி 90. டிசைன் எஃபெக்ட்டைச் சேர்க்காமலேயே ±10.3. அதைத் தாங்குவார்கள் என்றால் கொடுங்கள், இல்லையென்றால் அந்த அட்டவணையை ஏனாமையும் மாஹேவையும் சேர்த்து மட்டும் வெளியிடலாம் என்று இப்போதே எழுதிவிடுங்கள். மற்றபடி 0.05 என்பது என் ஊகம்தான். முதலில் ஒரு 10 தொகுதியில் பைலட் ஓட்டுங்கள். அதுவும் தோராயமாகத்தான் சொல்லும், ஆனால் 0.15 போல வந்தால் 180ஐ மாற்ற வேண்டியிருக்கும்.

அருள்: பைலட்டைப் புதுச்சேரி நகரில் மட்டும் செய்துவிடாதீர்கள். மாஹேவின் ஒற்றுமை அதிலிருந்து தெரியாது.