இருமல் வராத புரையேறுதலுக்கு என்ன சொல்?

செல்வி:
பக்கவாதம் வந்த முதியோரின் வீட்டாருக்காக ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உணவோ தண்ணீரோ மூச்சுக்குழலுக்குள் போவதைச் சொல்லும் 'ஆஸ்பிரேஷன்' வந்த இடத்திலெல்லாம் 'புரையேறுதல்' என்று போட்டுவிட்டேன். இப்போது 'சைலண்ட் ஆஸ்பிரேஷன்' வந்து நிற்கிறது. 'ஓசையற்ற புரையேறுதல்' சரியா?

கணேசன்:
புரை என்றால் துளை. குற்றம் என்றும் பொருள், 'புரைதீர்ந்த நன்மை' என்பது குறள். கண்புரையில் இருப்பதும் இதே புரைதானா என்பது தனி ஆராய்ச்சி. கலித்தொகையில் 'உண்ணுநீர் விக்கினான்' என்று தலைவி சமாளிக்க, தாய் அவன் முதுகை நீவிவிடுகிறாள். 'நீர்விக்கல்' என்றே வைக்கலாம்.

முருகன்:
விக்கலுக்கு ஒரு வாய் சர்க்கரை போதும். இதற்குக் கையேடா?

ரஹீமா:
விக்கல் வேறு, முருகன். விழுங்கல் சிகிச்சைதான் என் வேலை, அதனால் சொல்கிறேன். புரையேறுதல் என்றால் மக்களுக்கு இருமல்தான். இருமல் காவலாள், வழிதவறியதை வெளியே தள்ளுகிறது. நோயாளிக்கு அந்த உணர்வே மரத்திருந்தால் தண்ணீர் குரல்நாண்களைத் தாண்டி இறங்கும், இருமல் வராது. அதை எப்படிப் புரையேறுதல் என்பது?

பாலு:
எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான். கஞ்சி இறங்கும், தண்ணீர் குடித்தால் இருமுவார். பிறகு இருமல் நின்றது, தேறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டோம். குடித்ததும் குரல் மட்டும் தொண்டையில் நீர் நிற்பதுபோல் களகளவென்று இருக்கும். அப்புறம் காய்ச்சல், நிமோனியா.

ரஹீமா:
அந்தக் குரல்தான் அடையாளம், பாலு. குடித்தபின் 'ஆ' சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் குரல் தெளிவாக இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. எக்ஸ்ரே படத்தில் விழுங்கவிட்டுப் பார்ப்பது போன்ற சோதனையில்தான் உறுதியாகத் தெரியும். தண்ணீர் வேகமாக ஓடுவதால், குரல்வளை மூடுவதற்குள் வந்துவிடுகிறது. கஞ்சி மெதுவாக வரும்.

முருகன்:
அப்படியானால் எல்லாக் கிழவர்களுக்கும் தண்ணீரைக் கெட்டியாக்கிவிடலாமே. தலையில் தட்டினாலும் போதாதா?

ரஹீமா:
தட்டுவதால் ஒன்றும் ஆகாது. கெட்டித் தண்ணீர் பலருக்குப் பிடிக்காது. குடிப்பதைக் குறைத்து உடம்பு வறண்டுவிடும். ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து சிறு வாயாகக் குடிப்பதும், சாப்பிட்டதும் படுக்காமல் அரை மணி நேரம் இருப்பதும், வாயைச் சுத்தமாக வைப்பதும் பெரும்பாலோருக்கு உதவும். வாயில் இருக்கும் கிருமிதான் நுரையீரலுக்குப் போகிறது.

செல்வி:
சரி, 'மூச்சுக்குழல் புகல்' என்று போடுகிறேன். சைலண்டுக்கு 'இருமலற்ற மூச்சுக்குழல் புகல்'. புரையேறுதலை இருமலுக்கே விட்டுவிடலாம். மூவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

கணேசன்:
நான் ஒப்பவில்லை. புகல் என்றால் அடைக்கலம். சோற்றுப் பருக்கைக்கு நுரையீரலில் அடைக்கலமா?